யோனாவின் கடைசி வரி கேள்விதானா?

யோனா புத்தகம் நான்கே அதிகாரம், மொத்தம் 48 வசனம். உரக்க வாசித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் கடைசி வசனத்தில் கர்த்தர் பேசுகிறார், யோனா கேட்டுக்கொண்டிருக்கிறான், புத்தகம் அத்தோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த வசனம் ஒரு கேள்வி என்றுதான் நாம் எல்லோரும் படித்து வளர்ந்தோம். ஆனால் எபிரேய மூலத்தில் அது கேள்வி என்று காட்டும் எழுத்தோ குறியோ எதுவும் கிடையாது. இருக்கிறபடி சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நானோ இரங்கமாட்டேன் நினிவேயின்மேல்' என்றுதான் வரும். அதையே கேள்வியாக ஏற்றிப் படித்தால் 'நான் இரங்கமாட்டேனா?' என்றாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நகரத்தின் தலையெழுத்து இருக்கிறது.

இந்த ஒரு வரியைத் தமிழில் எப்படி முடிப்பது என்று யோசிக்கத் தொடங்கினால், புத்தகம் முழுவதும் இறைந்துகிடக்கும் மற்றக் கேள்விகளையும் பார்க்காமல் முடியாது. சின்னப் புத்தகமானாலும் பதிலை எதிர்பார்க்கும் கேள்வி, பதிலே வேண்டாத கேள்வி, பதில் வேண்டியும் கிடைக்காத கேள்வி என்று எல்லா வகையும் இதில் இருக்கின்றன.

முதலில் எபிரேயம் கேள்வியை எப்படிக் காட்டுகிறது என்று பார்த்துவிடலாம். யார், என்ன, எங்கே, ஏன் என்பவற்றுக்குத் தனிச் சொற்கள் உண்டு: 'மி' என்றால் யார், 'மா' என்றால் என்ன. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு முன்னால் 'ஹ' என்ற ஓரெழுத்தை ஒட்டுவார்கள். நம் 'ஆ' சொல்லின் வாலில் ஒட்டுகிறது. அவர்களுடைய 'ஹ' தலையில் ஒட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், எபிரேயத்தில் 'அந்த' என்ற பொருளில் பெயர்ச்சொல்லுக்கு முன் வருவதும் இதே எழுத்துத்தான். உயிர்க்குறிகள் இருந்தால் பெரும்பாலும் பிரித்தறியலாம். ஆனால் அந்தக் குறிகளை மசோரெத்தியர் என்று அழைக்கப்படும் யூத அறிஞர்கள் கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்பு வாசித்தவர் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிரசங்கி 3:21-இல் மனிதரின் ஆவி மேலே ஏறுகிறதா, மிருகத்தின் ஆவி கீழே இறங்குகிறதா என்ற இடத்தில் இந்தச் சிக்கலை நேராகப் பார்க்கலாம். மசோரெத்தியக் குறிகள் அதை 'மேலே ஏறுகிற அந்த ஆவி' என்று படிக்கச் சொல்கின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ அதைக் 'ஏறுகிறதா?' என்று கேள்வியாக எடுத்துக்கொண்டது. எழுத்து ஒன்றுதான்.

வாக்கிய முடிவில் வளைந்து நிற்கும் கேள்விக்குறி எபிரேய மூலத்தில் இல்லை. நமக்கும் அது ஐரோப்பிய அச்சு கொண்டுவந்து தந்ததுதான். ஓலைச்சுவடியில் அதற்கு இடமில்லை. ஆனால் தமிழுக்குச் சொல்லின் ஈற்றிலேயே ஆ, ஓ, ஏ என்ற கருவிகள் இருந்ததால் அந்தக் குறி இல்லாமலே காலம் ஓடிற்று. எபிரேயத்தில் 'ஹ' கூட இல்லாமல் குரல் ஏற்றத்தால் மட்டும் கேட்கப்படும் கேள்விகள் உண்டு. எழுத்தில் அந்தக் குரல் வருவதில்லை. யோனாவின் கடைசி வரி அந்த வகை.

இனிக் கப்பலுக்குப் போகலாம். நினிவேக்குப் போ என்று கர்த்தர் அனுப்பியதும் யோனா அவரிடமிருந்து தப்ப ஏறிய கப்பல் அது. புயல் அடிக்கிறது, மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள், யோனா கப்பலின் அடித்தட்டில் தூங்குகிறான். கப்பல் தலைவன் வந்து எழுப்புகிறான் (1:6). அவன் சொல்வது 'மா லெகா நிர்தாம்'. சொல்லுக்குச் சொல் 'உனக்கு என்ன, தூங்குகிறவனே'. அடுத்த சொல்லே 'எழுந்திரு'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதை 'நீ நித்திரைபண்ணுகிறது என்ன?' என்று எழுதியது. யோனா ஏன் தூங்குகிறான் என்று அறிய அந்த ஆளுக்கு ஆசை ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஏவல் வினை நிற்பதே அதற்குச் சாட்சி. நன்னூல் வினாவை ஆறாக வகுத்து அதில் 'ஏவல்' என்று ஒன்றைச் சொல்கிறது: கேள்வி வடிவத்தில் வரும் கட்டளை. வீட்டில் அம்மா 'இன்னும் குளிக்கவில்லையா?' என்றால் அது தகவல் சேகரிப்பு அல்ல என்பது நமக்குத் தெரியும். இந்த எபிரேயத் தொடருக்குத் தமிழில் அப்படியே பொருந்தும் ஒரு வழக்கு உண்டு: 'உனக்கு என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கிறது? எழுந்திரு!' 'உனக்கு என்ன' என்ற தொடக்கம்கூட எபிரேயத்தோடு ஒத்துப்போகிறது. எழுத்துத் தமிழுக்கு இது சற்றுக் கொச்சை என்று நினைப்பவர்கள் 'இப்படித் தூங்குகிறாயே! எழுந்திரு' என்று ஏகாரத்தில் முடிக்கலாம். கேள்விக்குறி போய்விடும், கோபம் போகாது.

பிறகு சீட்டுப் போடுகிறார்கள், சீட்டு யோனாவின் பேரில் விழுகிறது. உடனே அவனைச் சூழ்ந்துகொண்டு அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள் (1:8): உன் தொழில் என்ன, எங்கிருந்து வருகிறாய், உன் தேசம் எது, நீ எந்த மக்களைச் சேர்ந்தவன்? இவை அசல் கேள்விகள். மாலுமிகளுக்குப் பதில் தெரியாது, பதில் உயிர்போகிற அவசரத்தில் வேண்டும். யோனா கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்கிறான், 'நான் எபிரேயன்' என்று. தொழில் என்ன என்பதற்குக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. தீர்க்கதரிசி என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

அவன் சொன்னதைக் கேட்டதும் மாலுமிகள் மிகவும் பயந்து, 'மா ஸோத் அசித்தா' என்கிறார்கள் (1:10). சொல்லுக்குச் சொல் 'என்ன இது செய்தாய்'. பழைய மொழிபெயர்ப்பு இதை 'நீ ஏன் இதைச் செய்தாய்' என்று பெயர்த்தது. நான் நிற்க விரும்பும் இடம் இது.

ஒரு முறை இந்த அதிகாரத்தின் வரைவு ஒன்றை, வேதாகமம் படித்துப் பழக்கமில்லாத ஒருவருக்கு உரக்க வாசித்துக்காட்டினேன். மொழிபெயர்ப்பைச் சோதிக்க அதுதான் வழக்கமான முறை: வாசிப்பது, நிறுத்துவது, கேட்டவர் தம் சொற்களில் கதையைத் திருப்பிச் சொல்வது. வரைவில் 'நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள்' என்றிருந்தது. தொடர்ந்து இரண்டு வாக்கியம் வாசித்திருப்பேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். 'ஒரு வரியை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே, ஏன் என்று கேட்டார்களே, அவன் என்ன சொன்னான்?' என்றார். நான் எதையும் விடவில்லை. மூலத்திலேயே பதில் இல்லை. ஆனால் அவர் காதில் தவறில்லை. 'ஏன்', 'கேட்டார்கள்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு பதிலை அவருக்கு வாக்களித்திருந்தன. அந்த வாக்கைக் காப்பாற்றாதது வரைவுதான்.

மூலத்தைக் கூர்ந்து பார்த்தால், அது பதில் வேண்டாத கேள்வி என்று கதைசொல்லியே காட்டிக்கொடுக்கிறார். அதே வசனத்தில், அவன் கர்த்தருடைய சமுகத்தைவிட்டு ஓடுகிறவன் என்று அந்த மனிதருக்குத் தெரியும், ஏனென்றால் அவனே சொல்லியிருந்தான் என்று ஒரு விளக்கம் வருகிறது. காரணம் ஏற்கனவே தெரிந்தவர்கள் 'ஏன்' என்று கேட்கவேண்டியதில்லை. கடலையும் நிலத்தையும் படைத்த கடவுளிடமிருந்து கடல் வழியாகவே தப்பியோடப் பார்க்கும் ஒருவனைக் கண்டு அலறுகிறார்கள். தமிழில் இது 'என்ன காரியம் செய்துவிட்டாய்!' என்பதுதான். 'செய்தாய்' என்பது 'செய்துவிட்டாய்' ஆகும்போது, நடந்தது திரும்ப வராது என்ற திகில் உள்ளே வந்துவிடுகிறது. கேள்விக்குறியைவிட வியப்புக்குறி இங்கே பொருத்தம். அதற்குப் பின்னால் 'என்று கேட்டார்கள்' என்று போடாமல் 'என்று பதறினார்கள்' என்றோ வெறுமனே 'என்றார்கள்' என்றோ போடவேண்டும்.

இந்த 'கேட்டான்', 'என்றான்' வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் குறை. எபிரேயம் கேள்விக்கும் பதிலுக்கும் கட்டளைக்கும் பெரும்பாலும் ஒரே வினையைப் போடும்: 'வய்யோமெர்', சொன்னான். தமிழில் வாக்கியம் முடிகிற இடத்தில் இந்த வினை வந்து நிற்பதால் அதற்குக் கனம் அதிகம். 'கேட்டான்' என்றால் வாசகர் காது பதிலுக்குத் திறந்துகொள்ளும். 'என்றான்' என்றால் பேச்சு முடிந்தது என்று மூடிக்கொள்ளும். கேள்வி வடிவம் கண்ணில் பட்டவுடனே கை தானாகக் 'கேட்டான்' என்று எழுதிவிடுகிறது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும்.

அடுத்த வசனத்திலேயே (1:11) மாலுமிகள் மறுபடியும் 'மா' போட்டுக் கேட்கிறார்கள்: கடல் எங்களுக்கு அமரும்படி உனக்கு நாங்கள் என்ன செய்யவேண்டும்? இது அசல் கேள்வி. யோனா உடனே பதில் சொல்கிறான்: என்னை எடுத்துக் கடலில் போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வசனம், ஒரே ஆட்கள், ஒரே வினாச்சொல். முதலாவதற்குப் பதில் இல்லை, இரண்டாவதற்கு உண்டு. இதனால்தான் வினாச்சொல்லை மட்டும் பார்த்து வகைபிரிக்க முடியாது என்கிறேன். கேட்பவருக்கு விடை தெரியுமா, அடுத்துப் பேசுபவர் அதை எடுத்துக்கொள்கிறாரா, அதே மூச்சில் கட்டளையோ விளக்கமோ தொடர்கிறதா என்பவற்றைப் பார்த்தபிறகே தமிழில் வாக்கியத்தின் வாலைத் தொடவேண்டும்.

மீனின் வயிற்றில் யோனா சொல்லும் ஜெபத்திலும் ஓர் இடம் உண்டு. தமிழ் வேதாகமத்தில் 2:4, எபிரேயத்தில் 2:5. உம்முடைய கண்களுக்கு எதிரே இராதபடி தள்ளப்பட்டேன் என்று சொல்லிவிட்டு, 'ஆகிலும் உமது பரிசுத்த ஆலயத்தை மறுபடியும் நோக்குவேன்' என்கிறான். 'ஆகிலும்' என்பதற்கு எபிரேயத்தில் இருப்பது 'அக்'. அதன் நடுவில் ஒரு சிறு யோத் எழுத்தைச் சேர்த்தால் 'ஏக்', அதாவது 'எப்படி' ஆகிவிடும். பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பாளரான தியோதோத்தியோன் 'எப்படி' என்றுதான் எடுத்திருக்கிறார். அப்போது நம்பிக்கை வாக்கியம் 'இனி எப்படி அந்த ஆலயத்தைப் பார்ப்பேன்?' என்ற கையறுநிலைக் கேள்வியாகிறது. எபிரேய எழுத்துகளிலேயே மிகச் சிறியது யோத். பதில் வேண்டாத கேள்வி சில சமயம் அவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது.

யோனா நினிவேக்குப் போய் நகரம் அழியும் என்று எச்சரிக்க, அதைக் கேட்ட நினிவே ராஜா உபவாசம் அறிவிக்கும்போது 'மி யோதேயா' என்கிறான் (3:9): 'யார் அறிவார்?' இதுவும் பதில் வேண்டாத கேள்விதான், ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் எதிர்மறை வகை அல்ல. பிரசங்கி அதே சொற்களைச் சொல்லும்போது 'யாருக்கும் தெரியாது' என்று பொருள். நினிவே ராஜா சொல்லும்போது 'ஒருவேளை தப்பிக்கலாம்' என்று பொருள். இன்று 'யாருக்குத் தெரியும்?' என்று எழுதினால் பலருக்கு அலட்சியம்தான் கேட்கும், தோளைக் குலுக்குவதுபோல. பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது உறைத்திருக்க வேண்டும். 'யாருக்குத் தெரியும்' என்று போட்டுவிட்டு 'ஒருவேளை' என்பதைச் சேர்த்து, 'திரும்பினாலும் திரும்புவார்' என்று முடித்தார்கள். வந்தாலும் வரும், கிடைத்தாலும் கிடைக்கும் என்ற நம்மூர் நம்பிக்கையின் வடிவம் அது. என்னைக் கேட்டால் தொடக்கத்தையும் 'யார் கண்டது?' என்று மாற்றிவிடுவேன். 'யார் கண்டது, மழை வந்தாலும் வரலாம்' என்று சொல்பவர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சொல்கிறார். ராஜாவும் அப்படித்தான் சாக்குத்துணி உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்.

நான்காம் அதிகாரம்தான் உரையாடலின் மையம். நினிவே தப்பிவிட்டது, யோனாவுக்குக் கோபம். 'நான் என் தேசத்தில் இருக்கும்போதே நான் இதைச் சொல்லவில்லையா?' என்று பழைய மொழிபெயர்ப்பில் வருகிறது (4:2). இங்கே எபிரேயத்தில் நிற்பது வினா 'ஹ'வும் 'லோ' என்ற எதிர்மறையும் சேர்ந்த 'ஹலோ'. தமிழில் எழுதினால் தொலைபேசி எடுத்ததுபோல இருக்கிறது, என்ன செய்வது. வடிவத்தில் 'இல்லையா?' என்றாலும் இது எப்போதும் 'ஆம்' பக்கம் சாய்ந்த கேள்வி. பல இடங்களில் 'இதோ பார்' என்ற அளவுக்கு வெறும் அழுத்தமாகவே தேய்ந்துவிட்டது. 'சொல்லவில்லையா?' என்பது தவறல்ல. ஆனால் முதல் அதிகாரத்தில் யோனா இப்படி ஏதும் சொன்னதாக எழுதப்படவில்லை. அதனால் கவனமான வாசகர் நின்று, 'சொன்னானா, சொல்லவில்லையா?' என்று பக்கத்தைப் புரட்டத் தொடங்குகிறார். தமிழில் எதிர்மறைக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொன்னால் 'ஆமாம், சொல்லவில்லை' என்றும் ஆகுமல்லவா? ஆகவே 'ஹலோ'வுக்கு எதிர்மறையைத் தவிர்த்துவிட்டு 'சொன்னேன் அல்லவா?' என்றோ 'அப்போதே சொன்னேனே!' என்றோ போடுவது பாதுகாப்பு. இரண்டில் எனக்குப் பிடித்தது பின்னது. அதில் இருக்கும் சிணுங்கல் யோனாவுக்கே அளவெடுத்துத் தைத்தது.

இதற்குக் கர்த்தர் பதிலாக ஒரு கேள்வி கேட்கிறார் (4:4). பழைய மொழிபெயர்ப்பில்: 'நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ'. யோனா பதில் சொல்லவில்லை. எழுந்து நகரத்துக்கு வெளியே போய், ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டு உட்காருகிறான். பிறகு ஆமணக்கு முளைக்கிறது, புழு அரிக்கிறது, வெயில் தாக்குகிறது. மறுபடியும் அதே கேள்வி, இந்த முறை ஆமணக்கைப் பற்றி (4:9). இப்போது யோனா வெடிக்கிறான்: சாகுமளவுக்கு எரிச்சலாயிருப்பது நல்லதுதான்.

பதில் வேண்டாத கேள்விகளை மொழிபெயர்ப்பதுபற்றிப் பயிற்சிகளில் அடிக்கடி சொல்லப்படும் ஓர் அறிவுரை உண்டு: கேட்கும் மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்றால் அதை நேர் வாக்கியமாக மாற்றிவிடு. பல இடங்களில் சரியான அறிவுரைதான். இங்கே அதைச் செய்தால் கதை உடைந்துவிடும். 4:4-ஐ 'நீ எரிச்சலாயிருப்பது நல்லதல்ல' என்று எழுதினால், 4:9-இல் யோனாவின் 'நல்லதுதான்' என்ற பதிலுக்கு எதிரே கேள்வியே இருக்காது. முதல் முறை அந்தக் கேள்வி பதில் வேண்டாத கண்டனம்போலக் கேட்டு, இரண்டாம் முறை அதே கேள்விக்குப் பதில் வருகிறது. ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே சொற்கள் நிற்கவேண்டும், இரண்டு இடத்திலும் கேள்வி திறந்தே இருக்கவேண்டும். அந்தத் தொடரில் உள்ள 'ஹேத்தேவ்' என்ற சொல்லை 'நன்றாக, மிகவும்' என்றும் எடுக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'நீ மிகவும் வருந்துகிறாயா?' என்றுதான் எடுத்தது. அப்படியானால் அது கண்டனமே இல்லை, நலம் விசாரிப்பு. இந்த இரண்டு நிலைக்கும் இடம்விட வேண்டுமானால் கடுமையான கருவியை எடுக்கக்கூடாது.

எந்தக் கருவி கடுமையானது, எது மென்மையானது? தமிழ் இலக்கணம் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்லி அதில் 'வினா' என்று ஒன்றையும் 'எதிர்மறை' என்று இன்னொன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்ற குறளில் வள்ளுவர் தாழ்ப்பாள் விசாரிக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லை என்கிறார். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஓகாரத்தைத் தெரிந்தே எடுத்தாண்டார்கள். காயீன் 'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ' என்கிறான் (ஆதியாகமம் 4:9). கேள்விக்குறியே தேவைப்படவில்லை. அவர்கள் காலத்து வாசகருக்கு அந்த 'ஓ'வே போதும், 'இல்லை' என்பது உள்ளே இருந்தது.

இன்றைய காது வேறு. இன்று 'வருவானோ?' என்றால் 'வருவானோ மாட்டானோ' என்ற ஐயம்தான் முதலில் தோன்றும். 'நான் காவலாளியோ' என்பதை ஒரு பள்ளி மாணவன் படித்தால், தான் காவலாளியா இல்லையா என்று காயீனுக்கே குழப்பம்போல என்று நினைக்கக்கூடும். எதிர்மறை ஓகாரம் செய்த வேலையை இன்றைய தமிழில் செய்வது முன்னால் ஒரு 'என்ன'வும் பின்னால் ஒரு 'ஆ'வும்: 'நான் என்ன அவனுக்குக் காவலாளியா?' இந்த வடிவத்தை யாரும் அசல் கேள்வியாகத் தவறாகக் கேட்கமாட்டார்கள். இதில் எரிச்சலும் கலந்திருக்கிறது. காயீனுக்கு அது பொருந்தும். கர்த்தர் யோனாவிடம் பேசும்போது பொருந்தாது. 'நீ என்ன கோபப்படலாமா?' என்று கர்த்தரைப் பேசவைத்தால் பக்கத்து வீட்டுச் சண்டைபோல ஆகிவிடும். 4:4-க்கும் 4:9-க்கும் வெறும் 'ஆ' போதும்: 'நீ இப்படிக் கோபப்படுவது சரியா?' கேட்டவன் பதில் சொல்லாமலும் எழுந்து போகலாம், 'சரிதான்' என்று வெடிக்கவும் செய்யலாம்.

இப்போது கடைசி இரண்டு வசனம் (4:10–11). எபிரேயத்தில் இரண்டும் தராசின் இரு தட்டுகள். 'அத்தா ஹஸ்தா', நீ இரங்கினாய், ஒரே இரவில் முளைத்து ஒரே இரவில் அழிந்த செடிக்காக. 'வஅனி லோ அஹூஸ்', நானோ இரங்கமாட்டேன், நினிவேக்காக. வினைவடிவிலேயே 'நீ', 'நான்' இருந்தும் தனியாக 'அத்தா', 'அனி' என்று மறுபடியும் சொல்வது எதிர்நிறுத்துவதற்காக. வினைச்சொல்லும் ஒன்றே. வினா 'ஹ' இல்லை. இதைக் குரலால் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி என்று பெரும்பாலோர் எடுக்கிறார்கள். சிறியதற்கே நீ இரங்கினால் பெரியதற்கு நான் இரங்காமல் இருப்பேனா என்ற வாதம் அதில்தான் நிமிர்ந்து நிற்கும். நினிவே அழியவில்லை என்று மூன்றாம் அதிகாரம் சொன்னதோடும் அது பொருந்தும். அண்மைக் காலத்தில் சில ஆய்வாளர்கள், குறி இல்லையென்றால் கேள்வியும் இல்லை, 'நான் இரங்கமாட்டேன்' என்றே படிக்கலாம் என்று வாதாடுகிறார்கள். கி.மு. 612-இல் நினிவே உண்மையிலேயே வீழ்ந்தது என்பது அவர்களுக்குக் கைகொடுக்கிறது. பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளிலும் இந்த வசனத்தில் வினாக்குறிப்பு இல்லை. அவை இரண்டு பக்கமும் சாயும்படியே நிற்கின்றன.

தமிழ் அப்படி நடுவில் நிற்க முடியாது. 'மாட்டேன்' என்றால் மாட்டேன், 'மாட்டேனா' என்றால் கேள்வி. எழுத்துத் தமிழில் குரலை மட்டும் உயர்த்திவிட்டுத் தப்பிக்க வழியில்லை. நான் கேள்வி என்ற பக்கத்தில்தான் இருக்கிறேன். 'நீ', 'நான்' என்ற எதிர்நிலை வெறும் செய்தி வாக்கியத்தில் பல்லிளித்துவிடும்: நீ செடிக்காக இரங்கினாய், நான் நகரத்துக்காக இரங்கமாட்டேன் என்றால், யோனாவுக்குக் கற்பிக்க என்ன இருக்கிறது?

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் செய்த வேலை எனக்கு வியப்பளிக்கிறது. முதல் தட்டை 'பரிதபிக்கிறாயே' என்று ஏகாரத்தில் முடித்தார்கள், இரண்டாம் தட்டை 'பரிதபியாமலிருப்பேனோ' என்று ஓகாரத்தில் முடித்தார்கள். எபிரேயம் பிரதிப்பெயரால் காட்டிய எதிர்நிலையைத் தமிழ் இரண்டு உயிரெழுத்துகளால் காட்டுகிறது. அந்த 'ஏ' யோனாவைக் குத்துகிறது. அந்த 'ஓ' கர்த்தரின் இரக்கத்தைத் திறந்துவைக்கிறது. நன்னூல் விடையை எட்டாக வகுத்து அதில் வினாவுக்கு எதிர்வினாவாகவே விடை சொல்வதையும் ஒன்றாக வைக்கிறது. 'சாப்பிடுவாயா?' என்றால் 'சாப்பிடாமல் இருப்பேனா?' என்பதுபோல. அதே வடிவம்.

இன்றைய தமிழில் அதைத் தக்கவைக்க 'ஏ'யை அப்படியே விட்டுவிட்டு 'ஓ'வை மட்டும் 'ஆ'வாக மாற்றினால் போதும்: நீ அந்தச் செடிக்காக இரங்குகிறாயே, நினிவேக்காக நான் இரங்காமல் இருப்பேனா? 'நான்' என்ற சொல்லை விழுங்கிவிடக்கூடாது. தமிழில் 'இருப்பேனா' என்பதிலேயே 'நான்' இருக்கிறது என்று வெட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது தராசின் ஒரு தட்டை அறுப்பதாகும்.

இன்னொரு சிக்கல் சொல்வரிசை. எபிரேயத்தில் 'நானோ இரங்கமாட்டேன்' என்பது முன்னாலேயே வந்துவிடுகிறது. அதன் பிறகு நினிவே, பெரிய நகரம், வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்கும் மேலானோர் என்று நீண்டு, கடைசியில் 'திரளான ஆடுமாடுகளும்' என்று முடிகிறது. புத்தகத்தின் கடைசிச் சொற்கள் ஆடுமாடுகள். தமிழில் வினை கடைசியில் வருவதால், இலட்சத்து இருபதினாயிரம் பேரையும் மந்தைகளையும் பெயரெச்சமாக அடுக்கிச் சுமந்துகொண்டு வாசகர் வினைவரை நடக்கவேண்டும். கண்ணால் படிப்பவர் தாங்குவார். காதால் கேட்பவர் நடுவழியில் இறக்கிவைத்துவிடுவார், அது கேள்வி என்று தெரியும்முன்பே.

எபிரேய வரிசையைக் காப்பாற்றக் கேள்வியை முதலில் போட்டு, ஆடுமாடுகளில் முடிக்கலாம். அப்போது புத்தகம் செய்தி வாக்கியத்தில் நின்றுவிடும், கேள்வி காதில் தங்காது. நான் இரண்டையும் எடைபோட்டு, தகவலை முன்னால் இறக்கிவைத்துக் கேள்வியைக் கடைசிக்குக் கொண்டுபோவேன். ஆடுமாடுகள் கடைசி இடத்தை இழக்கின்றன. கேள்வி அதை எடுத்துக்கொள்கிறது. 'என்றார்' என்பதையும் முன்னாலேயே தீர்த்துவிடுவேன், ஏனென்றால் கேள்விக்குப் பின் 'என்றார்' வந்தால் கதைசொல்லி வந்து கதவைச் சாத்தியதுபோல ஆகிவிடும். எபிரேயத்தில் 'வய்யோமெர்' பத்தாம் வசனத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. கடைசியில் கதைசொல்லி வருவதே இல்லை.

ஆக என் வரைவில் அது இப்படி நிற்கிறது:

அப்போது கர்த்தர் சொன்னார்: 'நீ பாடுபடவில்லை, நீ வளர்க்கவும் இல்லை. ஒரே இரவில் முளைத்து ஒரே இரவில் அழிந்துபோன செடி அது. அதற்காக நீ இரங்குகிறாயே. நினிவே எவ்வளவு பெரிய நகரம்! வலக்கை எது இடக்கை எது என்று தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்குமேல் அங்கே இருக்கிறார்கள், ஆடுமாடுகளும் ஏராளம். அந்த நகரத்துக்காக நான் இரங்காமல் இருப்பேனா?'

வாசித்துக்காட்டியபோது, பழைய வரைவில் கையைக் காட்டி நிறுத்திய அதே மனிதர் இந்த முறை 'அவன் என்ன சொன்னான்?' என்று கேட்கவில்லை.